அலிஃப் லாமைப் படிக்கவும் எழுதவும்: ஷம்ஸீ, கமரீ எழுத்துகளுக்கு ஐந்து பயிற்சித் தாள்கள்

அரபு எழுத்துகள் 28ஐயும் அடையாளம் கண்டு, ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்னும் உயிர்க்குறிகளையும் (மதரஸாக்களில் ஜபர், ஜேர், பேஷ் என்று சொல்லப்படுபவை) கற்று, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் தடுமாறும் இடம் பெரும்பாலும் அலிஃப் லாமாகத்தான் இருக்கும். ال என்னும் இந்த முன்னொட்டு ஒரு பெயர்ச்சொல்லைக் குறிப்பிட்ட ஒன்றாக ஆக்குகிறது. كِتَابٌ (கிதாபுன்) என்றால் ஏதோ ஒரு புத்தகம். اَلْكِتَابُ (அல்கிதாபு) என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் புத்தகம். எழுத்தில் இதற்கு ஒரே வடிவம்தான். ஒலிப்பில் மட்டும் இரண்டு வழிகள் உள்ளன. எந்த வழி என்பதை லாமுக்கு அடுத்து நிற்கும் எழுத்து முடிவு செய்கிறது.

அடுத்த எழுத்து கமரீ எழுத்தாக இருந்தால் லாம் தெளிவாக ஒலிக்கும்: اَلْقَمَرُ, அல்கமரு, நிலவு. ஷம்ஸீ எழுத்தாக இருந்தால் லாம் தன் ஒலியை இழந்து அடுத்த எழுத்தாகவே மாறிவிடும், அந்த எழுத்து இரட்டித்து ஒலிக்கும்: اَلشَّمْسُ, அஷ்ஷம்ஸு, சூரியன். இரண்டு வகைகளின் பெயர்களும் இந்த இரு எடுத்துக்காட்டுச் சொற்களிலிருந்தே வந்தன. மற்றபடி அந்த எழுத்துகளுக்கும் வானத்துக்கும் தொடர்பில்லை.

இந்த விதியைச் சொல்லிவிட்டு 14 எழுத்துகளின் பட்டியலை ஒப்பிக்கச் செய்வதுதான் பல இடங்களில் வழக்கம். பட்டியலை ஒப்பிக்கத் தெரிந்தவரும் படிக்கும்போது ‘அல்ஷம்ஸு’ என்று படிப்பதைப் பார்க்கலாம். காரணம், படிக்கிற வேகத்தில் பட்டியலை நினைவிலிருந்து தேட நேரமில்லை. கண் லாமில் நின்றுவிடாமல் ஓர் எழுத்து முன்னே போய்ப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் பழக வேண்டும். கீழே உள்ள ஐந்து தாள்களும் அந்தப் பழக்கத்தை ஏற்படுத்துவதற்காகவே இந்த வரிசையில் அமைக்கப்பட்டுள்ளன. தனியாகக் கற்பவர் நோட்டிலேயே இவற்றைத் தயாரித்துக்கொள்ளலாம்; கற்பிப்பவர் அச்சிட்டும் கொடுக்கலாம்.

எந்த எழுத்து எந்த வகை, ஏன்?

லாமைச் சொல்லும்போது நாக்கின் நுனி மேற்பல்லுக்குப் பின்னுள்ள ஈறைத் தொடுகிறது. ஷம்ஸீ எழுத்துகள் யாவும் நாக்கின் முன்பகுதியால், அதே இடத்திலோ அதற்கு மிக அருகிலோ பிறப்பவை. ஆகவே நாக்கு லாமுக்காக ஒருமுறை எழுந்து, உடனே பக்கத்தில் இன்னொரு முறை எழுவதற்குப் பதிலாக, ஒரே அசைவில் அடுத்த எழுத்திலேயே போய்ப் பதிந்துவிடுகிறது. உதட்டில் பிறக்கும் பா, மீம், தொண்டையில் பிறக்கும் ஹா, ஐன், பின்நாக்கில் பிறக்கும் காஃப் போன்றவை லாமிலிருந்து விலகி இருப்பதால் லாமை விழுங்குவதில்லை. தமிழர்க்கு இது புதிய செய்தி அல்ல. நல் + நூல் என்பது நன்னூல் ஆகும்போது நம் நாக்கும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. ஆனால் நாம் புணர்ந்த ஒலியை அப்படியே எழுதிவிடுகிறோம். அரபு எழுதுகிறவரோ லாமை விடாமல் எழுதிவிட்டு, வாசிக்கும்போது மட்டும் மாற்றிக்கொள்கிறார். எழுதும் தாள்களில் நேரும் பிழைகளில் பாதி இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

ஷம்ஸீ எழுத்துகள் இவை: ت ث د ذ ر ز س ش ص ض ط ظ ل ن. மீதமுள்ள ا (ஹம்ஸா) ب ج ح خ ع غ ف ق ك م ه و ي ஆகிய 14 எழுத்துகளும் கமரீ. குர்ஆனை முறைப்படி ஓதக் கற்பிக்கும் தஜ்வீத் பாடங்களில் கமரீ எழுத்துகளை நினைவில் வைக்க ابغ حجك وخف عقيمه என்னும் தொடரைச் சொல்லித் தருவார்கள். அதிலுள்ள 14 எழுத்துகளும் கமரீ. அரபு பொருள் விளங்காத புதியவருக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. வழக்கமான எழுத்து அட்டவணையை எடுத்து, தாலில் (د) தொடங்கி ளா (ظ) வரை விரலை ஓட்டிப் பாருங்கள். இடையில் ஒன்றுகூட விடாமல் அந்த 10 எழுத்துகளும் ஷம்ஸீ. அதற்கு முன்னால் ت, ث என்னும் இரட்டையர், பின்னால் ل, ن என்னும் இரண்டு. அவ்வளவுதான், எஞ்சியதெல்லாம் கமரீ.

ஜீம் (ج) மட்டும் பலரைக் குழப்பும். இன்று நாம் ‘ஜ’ என்று சொல்லும் ஒலி நாக்கின் முன்பகுதிக்கு அருகில்தான் பிறக்கிறது, ஷீனோ ஷம்ஸீயாக இருக்கிறது, பிறகு ஜீம் ஏன் கமரீ என்ற கேள்வி நியாயமானதே. 8ஆம் நூற்றாண்டின் இலக்கண அறிஞர் ஸீபவைஹி ஜீம், ஷீன், யா மூன்றையும் நாக்கின் நடுப்பகுதியில் பிறப்பவை என்றுதான் வகுத்தார். ஆயினும் ஷீனின் காற்று பரவி நாக்கின் நுனிவரை வந்து லாமின் இடத்தைத் தொட்டுவிடுகிறது என்பதால் அதை மட்டும் லாமை ஈர்க்கும் எழுத்துகளோடு சேர்த்தார். பேச்சரபு வழங்கும் சில ஊர்களில் ஜீமையும் இரட்டித்து ‘அஜ்ஜ’ என்று சொல்வதுண்டு. எழுத்தரபிலும் குர்ஆன் ஓதுவதிலும் அது ஏற்கப்படாது: اَلْجَبَلُ, அல்ஜபலு, மலை.

முதல் தாள்: காதும் நாக்கும்

இந்தத் தாளில் எழுதும் வேலை இல்லை. 12 சொற்களை உயிர்க்குறிகளோடு பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் அச்சிட்டால் எழுத்தளவு 28க்குக் குறைய வேண்டாம், குறைந்தால் இரட்டிப்பைக் காட்டும் ஷத்தாவும் அதன்மேல் உள்ள குறியும் ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். சொற்களை இரண்டிரண்டாக, ஒன்று கமரீ, ஒன்று ஷம்ஸீ என்று அமைக்க வேண்டும். ஆறு இணைகளுக்கு இவை போதும்:

اَلْقَمَرُ (நிலவு) – اَلشَّمْسُ (சூரியன்)
اَلْبَيْتُ (வீடு) – اَلتَّمْرُ (பேரீச்சம்பழம்)
اَلْكِتَابُ (புத்தகம்) – اَلدَّرْسُ (பாடம்)
اَلْوَلَدُ (சிறுவன்) – اَلرَّجُلُ (ஆண்)
اَلْمَاءُ (தண்ணீர்) – اَلنُّورُ (ஒளி)
اَلْخُبْزُ (ரொட்டி) – اَلسَّمَكُ (மீன்)

அரபு வலமிருந்து இடமாகப் போவதால் ஒவ்வொரு இணையிலும் தமிழ்ப் பொருளைத் தனிப் பத்தியில் வைப்பது நல்லது. ஒரே வரியில் இரண்டு மொழியும் கலந்தால் சில மென்பொருள்களில் சொற்கள் இடம் மாறித் தெரியும். ஒவ்வொரு சொல்லையும் படிக்கும் முன், லாமுக்கு அடுத்த எழுத்தின்மேல் விரலை வைக்க வேண்டும். விரல் வைத்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்பதை இந்தத் தாளில் மட்டுமாவது கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

இங்கே தமிழ் உச்சரிப்பை எழுத்துகளின் மேல் எழுதிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஷம்ஸீ எழுத்துகளில் அது குறிப்பாகத் தீங்கு செய்கிறது. தமிழில் ‘த்த’ என்று இரட்டித்தால் ஒலி வல்லொலியாகவே இருக்கும். ஆகவே اَلدَّرْسُ என்பதை ‘அத்தர்ஸு’ என்று எழுதிப் படிப்பவர் தாலைத் தாவாக மாற்றிவிடுகிறார். தால், தா, தடித்த தா (ط) மூன்றும் தமிழில் ஒரே ‘த்த’ ஆகிவிடுகின்றன. இந்தக் கட்டுரையில் தமிழில் தந்திருப்பவை லாம் ஒலிக்கிறதா இல்லையா என்று காட்டுவதற்கு மட்டுமே. இரட்டித்த தாலைச் சரியாகச் சொல்ல, முதலில் தனித்த ‘தர்ஸு’வைத் ‘தண்டு’ போல அல்லாமல் ‘சந்தை’யில் வரும் மென்மையான தகரத்தோடு சொல்லி, அந்த மென்மை கெடாமல் நாக்கைச் சற்று நேரம் அங்கேயே நிறுத்திப் பழகுங்கள்.

இரண்டாம் தாள்: குறிகளைப் படித்தல்

உயிர்க்குறிகளோடு அச்சிட்ட எந்த அரபு நூலிலும் லாம் ஒலிக்குமா என்பதைக் குறிகளே சொல்லிவிடும். கமரீ எழுத்துக்கு முன்னுள்ள லாமின் மேல், உயிரொலி இல்லை என்பதைக் காட்டும் ஸுகூன் இருக்கும். ஷம்ஸீ எழுத்துக்கு முன்னுள்ள லாம் எந்தக் குறியும் இல்லாமல் வெறுமையாக நிற்கும், அடுத்த எழுத்தின் மேல் ஷத்தா இருக்கும். குறியில்லாத லாமைக் கண் தாண்டிச் செல்ல வேண்டும் என்பதே இங்குள்ள பாடம். வண்ணங்களில் அச்சிட்ட தஜ்வீத் பிரதிகளில் இந்த லாமைச் சாம்பல் நிறத்தில் காட்டுவதும் இதற்காகத்தான்.

தாளின் மேற்பாதியில் 10 சொற்களைக் கலந்து கொடுத்து, ஒலிக்கும் லாமை வட்டமிடவும், ஒலிக்காத லாமின் மேல் பென்சிலால் மெல்லிய கோடு போடவும் செய்யலாம். கோடு லாமின் மேல்தான் விழ வேண்டும். அலிஃபின் மேலும் சேர்த்துப் போட்டால், தனிச்சொல்லைப் படிக்கும்போது முதலில் வரும் ‘அ’ ஒலியும் போய்விடும்.

கீழ்ப்பாதியில் கஸ்ரா வரும் சொற்களை வையுங்கள், ஏனென்றால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. اَلتِّينُ (அத்தீனு, அத்திப்பழம்) என்பதைச் சில அச்சுகளில் பார்த்தால், கஸ்ரா எழுத்தின் அடியில் இல்லாமல் மேலே, ஷத்தாவுக்குச் சற்றுக் கீழே இருக்கும். எழுத்துக்கு மேல் இருப்பதால் புதியவர் அதை ஃபத்ஹா என்று எண்ணிப் படித்துவிடுவார். ஷத்தாவுக்கு மேலே இருந்தால் ஃபத்ஹா, ஷத்தாவுக்குக் கீழே இருந்தால் கஸ்ரா என்பதே அளவுகோல். எழுத்துக்கு மேலா கீழா என்பது அல்ல.

தொடக்க அலிஃபின் தோற்றமும் நூலுக்கு நூல் மாறும். தெற்காசிய அச்சுக் குர்ஆன்களில் வசனத்தின் தொடக்கத்தில் வரும் அலிஃபின்மேல் ஃபத்ஹா போட்டிருக்கும். மதீனாவில் அச்சாகும் பிரதிகளில் ٱ என்று ஒரு சிறு குறியோடு இருக்கும். இரண்டும் ஒரே அலிஃப்தான், படிப்பதும் ஒரே மாதிரிதான்.

மூன்றாம் தாள்: அலிஃப் லாமைச் சேர்த்து எழுதுதல்

படிக்கும்போது குறிகள் வழிகாட்டும். எழுதும்போது குறிகளை நாமே போட வேண்டும். ஆகவே ஒருவருக்கு விதி புரிந்ததா என்று இந்தத் தாளே காட்டிக்கொடுக்கும். வலப்புறம், ‘ன்’ ஒலியில் முடியும் இரட்டைக் குறியான தன்வீனோடு சொல்லைக் கொடுத்து, இடப்புறம் காலி இடம் விடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு வேலைகள் இருக்கின்றன, அவற்றை இதே வரிசையில் செய்வது நல்லது. முதலில் குறிகள் இல்லாமல் ال சேர்த்துச் சொல்லை எழுத வேண்டும். அடுத்து, சொல்லின் கடைசியிலுள்ள தன்வீனை ஒற்றைக் குறியாக மாற்ற வேண்டும், ஏனெனில் அலிஃப் லாமும் தன்வீனும் ஒரே சொல்லில் சேர்ந்து வருவதில்லை. பிறகு லாமுக்கு அடுத்த எழுத்தைப் பார்த்து, கமரீயானால் லாமின்மேல் ஸுகூன், ஷம்ஸீயானால் லாமை வெறுமையாக விட்டு அடுத்த எழுத்தின்மேல் ஷத்தா. கடைசியாக, முன்பிருந்த மற்றக் குறிகளை அப்படியே இட வேண்டும்.

இரண்டு சொற்களை முழுமையாகச் செய்து பார்ப்போம். هِلَالٌ (ஹிலாலுன், பிறை) என்பதற்கு ال சேர்த்தவுடனேயே ஹாவின் வடிவம் மாறுகிறது. லாம் தனக்கு அடுத்த எழுத்தோடு இணையக்கூடியது. ஆகவே சொல்லின் தொடக்கத்தில் இருந்த ஹா இப்போது நடுவில் வந்து நடுவடிவம் எடுக்கிறது: الهلال. தன்வீனை ஒற்றை ளம்மாவாக்குகிறோம். ஹா கமரீ என்பதால் லாமுக்கு ஸுகூன். விடை: اَلْهِلَالُ, அல்ஹிலாலு. இனி زَيْتٌ (ஸைதுன், எண்ணெய்). சேர்த்தால் الزيت. ஸா தனக்கு முன்னுள்ள லாமோடு இணையும், பின்னுள்ள யாவோடு இணையாது. தன்வீன் போய் ளம்மா வருகிறது. ஸா என்பது தாலுக்கும் ளாவுக்கும் இடையில் உள்ள எழுத்து, ஆகவே ஷம்ஸீ: லாம் வெறுமையாக, ஸாவின்மேல் ஷத்தா. முன்பிருந்த ஃபத்ஹா இப்போது ஷத்தாவின்மேல் ஏறுகிறது. விடை: اَلزَّيْتُ.

பயிற்சிக்கு வேறு எட்டுச் சொற்கள்: بَابٌ (கதவு), طَالِبٌ (மாணவன்), عَيْنٌ (கண்), ذَهَبٌ (தங்கம்), ضَيْفٌ (விருந்தினர்), يَوْمٌ (நாள்), لَيْلٌ (இரவு), أَرْضٌ (பூமி). இவற்றில் கடைசி இரண்டையும் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். لَيْلٌ என்பதில் லாமே ஷம்ஸீ எழுத்து. ஆகவே இரண்டு லாம்கள் எழுதி இரண்டாவதன்மேல் ஷத்தா போட வேண்டும்: اَللَّيْلُ. முதல் லாமுக்கு ஸுகூன் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒலி கேட்க ஒன்றுபோலவே இருப்பதால் காதால் இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது, தாளைப் பார்த்தே பிடிக்க வேண்டும். أَرْضٌ என்பதில் லாமும் ஹம்ஸா அலிஃபும் சேர்ந்து ஒரு கூட்டெழுத்தாகி விடுவதால், اَلْأَرْضُ என்று எழுதிய பிறகு லாம் எங்கே போயிற்று என்று தேட நேரிடும். கூட்டெழுத்தின் வலக்கோடே லாம், ஸுகூன் அதன்மேல்தான் வரும். ஹம்ஸாவும் ஃபத்ஹாவும் இடக்கோட்டின்மேல் வரும்.

மற்ற விடைகள்: اَلْبَابُ, اَلطَّالِبُ, اَلْعَيْنُ, اَلذَّهَبُ, اَلضَّيْفُ, اَلْيَوْمُ.

கணினியில் தட்டச்சு செய்து தாள் தயாரிப்பவர்களுக்கு: விண்டோஸின் வழக்கமான அரபு விசைப்பலகையில் ஷத்தா `Shift + ~`, ஸுகூன் `Shift + X`, ஃபத்ஹா `Shift + Q`, ளம்மா `Shift + E`, கஸ்ரா `Shift + A`. எழுத்தைத் தட்டிய பிறகே குறியைத் தட்ட வேண்டும்.

நான்காம் தாள்: முன்னால் ஒரு சொல் வரும்போது

இதுவரை அலிஃப் லாம் வாக்கியத்தின் தொடக்கத்தில் இருந்தது. முன்னால் ஏதேனும் வந்து ஒட்டினால் தொடக்க அலிஃபின் ‘அ’ ஒலி மறைந்துவிடும், எழுத்தில் மட்டும் நிற்கும். ஷம்ஸீ எழுத்தானால் அப்போது அலிஃப், லாம் என்னும் இரண்டு எழுத்துகளையும் தாண்டி நேராக ஷத்தாவுக்குப் போக வேண்டியிருக்கும். இதற்கு நல்ல பயிற்சி குர்ஆனின் 91ஆம் அத்தியாயத்தின் தொடக்கம். சூரியன் மேல் ஆணையாக, நிலவின் மேல் ஆணையாக என்று தொடரும் முதல் ஆறு வசனங்களிலும் ‘வ’ என்னும் எழுத்தை அடுத்து அலிஃப் லாம் வருகிறது, இரு வகைகளும் கலந்து வருகின்றன.

وَالشَّمْسِ வஷ்ஷம்ஸி
وَالْقَمَرِ வல்கமரி
وَالنَّهَارِ வன்னஹாரி
وَاللَّيْلِ வல்லைலி
وَالسَّمَاءِ வஸ்ஸமாஇ
وَالْأَرْضِ வல்அர்ளி

தாளில் வலப்புறம் அரபுச் சொற்களை மட்டும் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒலிக்காத எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள். முதல் சொல்லில் அலிஃபும் லாமும் ஒலிப்பதில்லை, ஆகவே இரண்டு. இரண்டாவதில் அலிஃப் மட்டும், ஆகவே ஒன்று. நஹாரிலும் ஸமாவிலும் இரண்டிரண்டு, அர்ளில் ஒன்று. இரவைக் குறிக்கும் நான்காவதை எப்படி எண்ணுவது என்று கேள்வி எழும். விதிப்படி முதல் லாம் இரண்டாவது லாமாக மாறிவிட்டது, ஆகவே இரண்டு என்பதே சரியான விடை. இந்தச் சொல்லைக் குர்ஆனைத் திறந்து சரிபார்க்கிறவர் இன்னொன்றையும் கவனிப்பார். இக்காலப் பொது எழுத்துமுறையில் اللَّيْل என்று இரண்டு லாம்களோடு எழுதப்படும் இச்சொல், குர்ஆனின் மரபு எழுத்துமுறையில் ஒரே லாமோடு, அதன்மேல் ஷத்தாவோடு எழுதப்பட்டிருக்கும். இது அச்சுப் பிழை அன்று. வாசிப்பிலும் மாற்றம் இல்லை. நோட்டில் சாதாரணமாக எழுதும்போது மட்டும் இரண்டு லாம்கள் எழுத வேண்டும்.

இதே அத்தியாயத்திலேயே எதிர் எடுத்துக்காட்டுகளும் கிடைக்கின்றன. ஏழாம் வசனம் وَنَفْسٍ (வ நஃப்ஸின்) என்று தொடங்குகிறது. நூன் ஷம்ஸீ எழுத்துதான், ஆனாலும் இங்கே ஷத்தா இல்லை, ஏனெனில் அலிஃப் லாமே இல்லை. கடைசியில் தன்வீன் இருப்பதே அதற்குச் சான்று. وَالنَّهَارِ என்பதையும் وَنَفْسٍ என்பதையும் அருகருகே எழுதிப் படிக்கச் செய்தால், எழுத்து ஷம்ஸீ என்பதற்காக மட்டும் அது இரட்டிக்காது என்பது விளக்கம் தேவையில்லாமல் விளங்கிவிடும். மூன்றாம் வசனத்தின் கடைசியிலுள்ள جَلَّاهَا (ஜல்லாஹா) என்னும் வினைச்சொல்லில் வரும் ஷத்தா அந்த வினையோடு பிறந்தது. அலிஃப் லாமால் வந்ததல்ல.

‘பி’ (بِ) என்னும் முன்னொட்டு வந்தாலும் அலிஃப் எழுத்தில் நிற்கும்: بِالْقَلَمِ, பில்கலமி, பேனாவால். ‘லி’ (لِ) மட்டும் விலக்கு. அது வந்தால் அலிஃபை எழுத்திலும் விட்டுவிட வேண்டும்: لِلرَّجُلِ, லிர்ரஜுலி, அந்த ஆணுக்கு, لِلْوَلَدِ, லில்வலதி, அந்தச் சிறுவனுக்கு. அலிஃபை விடாமல் எழுதுவதே இத்தாளில் அடிக்கடி காணும் பிழை. ‘ஃபீ’ போன்ற நெடிலில் முடியும் சொல்லை அடுத்து வந்தால் அந்த நெடில் குறுகிவிடும்: فِي الْبَيْتِ, ஃபில்பைதி, வீட்டில்.

அரபு தெரியாவிட்டாலும் தமிழ் முஸ்லிம் பெயர்கள் தெரிந்திருந்தால் இந்தத் தாளுக்கு வேறோர் உதவி கையிலேயே இருக்கிறது. அப்துல் காதர், அப்துர் ரஹ்மான், அப்துஸ் ஸமது என்னும் பெயர்களில் நடுவே நிற்பது இதே அலிஃப் லாம்தான். காஃபுக்கு முன் லகரம் நிற்கிறது, ராவுக்கு முன் ரகரமாகவும் ஸாதுக்கு முன் ஸகரமாகவும் மாறுகிறது. நூருத்தீன், ஷம்ஸுத்தீன் ஆகியவற்றில் வரும் ‘த்தீன்’ என்பதும் மார்க்கம் என்று பொருள்படும் اَلدِّينُ என்பதன் மிச்சமே.

ஐந்தாம் தாள்: குறிகளில்லாத எழுத்து

செய்தித்தாளிலும் கடைப்பலகையிலும் உயிர்க்குறிகள் இருக்காது. ஷத்தாவும் ஸுகூனும் இல்லாதபோது 14 எழுத்துகளை நினைவில் வைத்திருப்பது முதன்முறையாக உண்மையிலேயே தேவைப்படுகிறது. பட்டியலை மனப்பாடம் செய்வதை இந்த இடத்துக்குத் தள்ளிவைத்ததற்கு அதுவே காரணம். ஏற்கெனவே அறிந்த சொற்களைக் கொண்டே வாக்கியம் அமைக்க வேண்டும். ஒன்று:

الرجل في البيت والكتاب على الطاولة

இதைக் குறிகளிட்டு எழுதி, பிறகு படிக்க வேண்டும். நான்கு இடங்களில் அலிஃப் லாம் இருக்கிறது. ரா ஷம்ஸீ, பா கமரீ, காஃப் (ك) கமரீ, தா (ط) ஷம்ஸீ. முன்னால் வரும் நெடில்கள் இரண்டும் குறுகுகின்றன. அர்ரஜுலு ஃபில்பைதி வல்கிதாபு அலத்தாவிலதி என்று வரும். ஆண் வீட்டில் இருக்கிறார், புத்தகம் மேசைமேல் இருக்கிறது என்பது பொருள். வாசித்து நிறுத்தும்போது கடைசிச் சொல் அத்தாவிலா என்று முடியும்.

இந்தத் தாளில் ஒரு சொல்லையாவது ஏமாற்றுவதற்காக வைக்க வேண்டும். அதற்கு سلطان என்பதைவிடச் சிறந்தது இல்லை. லாமுக்கு அடுத்து ط, அது ஷம்ஸீ. விதியை மேலோட்டமாகக் கற்றவர் ‘சுத்தான்’ என்று படிக்கப் பார்ப்பார். ஆனால் நமக்கெல்லாம் தெரிந்தபடி அது சுல்தான்தான். இந்த லாம் சொல்லின் உடம்பிலேயே உள்ள லாம். ஷம்ஸீ விதி அலிஃப் லாமின் லாமுக்கு மட்டுமே உரியது. அதே சொல்லுக்கு அலிஃப் லாம் சேர்த்து السلطان என்று எழுதினால், ஒரே சொல்லில் இரண்டு லாம்களும் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன: முதல் லாம் ஸீனில் கரைகிறது, இரண்டாவது லாம் தெளிவாக ஒலிக்கிறது. اَلسُّلْطَانُ, அஸ்ஸுல்தானு. இன்னும் கடினமான சொல் வேண்டுமென்றால் ألسنة (அல்ஸினா, நாவுகள்) என்பதைக் கொடுக்கலாம். தொடக்கத்தில் அலிஃபும் லாமும் அடுத்து ஸீனும் இருப்பதால் அஸ்ஸினா என்று படிக்கத் தோன்றும். அலிஃபின்மேல் ஹம்ஸா இருப்பதைப் பார்க்க வேண்டும். முன்னொட்டாக வரும் அலிஃபுக்கு ஹம்ஸா எழுதப்படுவதில்லை.

திருத்தும்போது

வாசிப்பில் இரண்டு பிழைகள் வெவ்வேறானவை. ஒரே திருத்தம் இரண்டுக்கும் பொருந்தாது. ‘அல்ஷம்ஸு’ என்று லாமைச் சொல்பவருக்குக் கண் லாமிலேயே நிற்கிறது. அவரை முதல் தாளுக்குத் திருப்பி, விரல் வைத்துப் படிக்கச் செய்ய வேண்டும். ‘அஷம்ஸு’ என்று ஒற்றை ஷீனோடு சொல்பவருக்கோ விதி தெரியும், இரட்டிப்பு மட்டும் போதவில்லை. பேசுகிறவருக்கே தன் ஒலி இரட்டிக்கவில்லை என்பது தெரியாது. கைப்பேசியில் பதிந்து கேட்கச் செய்தால் தெரிந்துவிடும். ‘அஷ்’ என்று சொல்லி ஷீனின் சீறல் அறுபடாமல் அப்படியே ‘ஷம்ஸு’வுக்குள் நுழைய வேண்டும். நடுவில் மூச்சு நின்றால் அதுவும் பிழை.

எழுத்தில் அதிகம் காண்பது லாமையே விட்டுவிடுவது: اشمس. தமிழில் நன்னூல் என்று எழுதும் கை இது. காதால் கேட்டு எழுதும் பயிற்சியில் மட்டும் இந்தப் பிழை கூடுதலாக வரும், சொல்லைப் பார்த்து எழுதும்போது வராது. ஆகவே கேட்டெழுதும் பயிற்சியை மூன்றாம் தாள் பிழையின்றி முடிந்த பிறகு தொடங்குவது நல்லது. இன்னொன்று, லாமுக்கு ஸுகூனும் அடுத்த எழுத்துக்கு ஷத்தாவும் சேர்த்துப் போடுவது. ஒரே சொல்லில் இரண்டும் இருந்தால், எழுதியவர் எழுத்தைப் பார்க்காமல் இரண்டு வழிகளையும் ஒன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று பொருள். அந்தச் சொல்லுக்குச் சிவப்பு மையால் விடை எழுதிக் கொடுக்காமல், லாமுக்கு அடுத்த எழுத்தைத் தனியாக எடுத்து எழுதச் செய்து, அது அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தாலுக்கும் ளாவுக்கும் இடையில் விரல் நின்றால் ஸுகூனை அவரே அழித்துவிடுவார்.